சிவப்பாகத் தெரிகிற இடமெல்லாம் எடிட் செய்த இடமா? படச் சோதனைக் கருவிகளின் ஹீட்மேப்பைப் படிக்கும் முறை

வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு தொலைக்காட்சி நியூஸ் கார்டு வருகிறது. ஒரு தலைவரின் படம், பக்கத்தில் அவர் சொன்னதாக இரண்டு வரி, மூலையில் சேனலின் லோகோ. சிறிது நேரத்தில் அதே கார்டு கறுப்புப் பின்னணியில் மறுபடி வருகிறது. முகம் மங்கலாக இருக்கிறது, எழுத்துகள் மட்டும் பளிச்சென்று ஒளிர்கின்றன. கூடவே ஒரு வரி: "வெள்ளையா இருக்கிற இடத்தைப் பாருங்க, எழுத்தை மாத்திருக்காங்க."

கார்டு போலியாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கறுப்புப் படம் அதைக் காட்டவில்லை. அதே சேனலின் உண்மையான கார்டைச் சோதித்தாலும் எழுத்துகள் அப்படித்தான் ஒளிரும். ஏன் என்பதையும், அப்படியானால் இந்த மாதிரிப் படங்களை எப்படித்தான் படிப்பது என்பதையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: கையில் இருப்பது எந்த வகை ஹீட்மேப்?

எல்லாமே வண்ணத் திட்டுகளாகத் தெரிவதால் எல்லாம் ஒன்று என்று தோன்றும். புழக்கத்தில் இருப்பவை மூன்று வகை. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

முதலாவது ஈ.எல்.ஏ, அதாவது எரர் லெவல் அனாலிசிஸ். மேலே சொன்ன கறுப்புப் படம் இதுதான். ஜேபெக் முறை படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்கங்களைக் குறைத்துச் சேமிக்கிறது. ஈ.எல்.ஏ அந்தப் படத்தை இன்னொரு முறை 90 அல்லது 95 தரத்தில் சேமித்து, பழையதையும் புதியதையும் கழித்து, மிஞ்சும் வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் நீல் கிராவெட்ஸ் 2007-இல் இதைப் பரவலாக அறிமுகப்படுத்தினார். இது சொல்வது ஒன்றே ஒன்று: மறுபடி சேமித்தால் எந்தக் கட்டம் எவ்வளவு மாறுகிறது.

இரண்டாவது, பயிற்சி கொடுக்கப்பட்ட மாடல்கள். 2023-இல் வந்த ட்ரூஃபோர் ஓர் உதாரணம். கேமராவும் மென்பொருளும் படத்தில் விட்டுச்செல்லும் மெல்லிய இரைச்சல் தடத்தை, அதாவது பிக்சல்களில் இருக்கும் சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வுகளைப் படித்து, எந்தப் பகுதி மற்ற பகுதிகளோடு ஒத்துப்போகவில்லை என்று ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு மதிப்பு தருகிறது. இதில் கவனிக்க வேண்டியது "மற்ற பகுதிகளோடு" என்பதைத்தான். இது ஒப்பீடு.

மூன்றாவது, "இது ஏஐ படமா, நிஜமா" என்று மொத்தப் படத்துக்கும் ஒரு பதில் தரும் கருவிகள். பதிலோடு எந்தப் பகுதி அந்தப் பதிலுக்குக் காரணமாக இருந்தது என்று கிராட்-கேம் போன்ற முறையால் ஒரு வண்ணப்படத்தையும் ஒட்டித் தருவார்கள். அதிகம் தவறாகப் படிக்கப்படுவது இதுதான். வழக்கமான அமைப்பில் படம் முதலில் 224×224 பிக்சலாகச் சுருக்கப்படுகிறது. கடைசி அடுக்கில் மிஞ்சுவது 7×7, அதாவது 49 கட்டங்கள். அவற்றைத்தான் இழுத்து, மழுப்பி, அழகான வட்டத் திட்டாகக் காட்டுகிறார்கள். 4000 பிக்சல் அகலமுள்ள புகைப்படத்தில் அப்படி ஒரு கட்டம் ஏறத்தாழ 570 பிக்சல் அகலம். "காதோரம் சிவப்பு இருக்கு, அங்கேதான் ஒட்டியிருக்கான்" என்று சொல்லும் அளவுக்குத் துல்லியம் அதில் இல்லவே இல்லை. தவிர, அது மாடலின் கவனம் எங்கே இருந்தது என்பதற்கான படம். முகங்களை வைத்தே பழகிய மாடல் எந்தப் படத்திலும் முகத்தைத்தான் பார்க்கும்.

எந்தக் கருவி, எந்த வகை என்று தெரியாத ஹீட்மேப் ஸ்கிரீன்ஷாட் வந்தால் அதைப் படிக்க முயற்சியே செய்யாதீர்கள். மூலப் படத்தைத் தேடுங்கள்.

இரண்டாம் படி: நிறத்துக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள்

பல கருவிகள் ஒவ்வொரு படத்தையும் அதனதன் உச்ச மதிப்பை வைத்தே வண்ணம் தீட்டுகின்றன. படத்தில் எது அதிகமோ அது சிவப்பு, எது குறைவோ அது நீலம். கை படாத படத்திலும் ஏதாவது ஓர் இடம் மற்றதைவிட அதிகமாகத்தான் இருக்கும். ஆகவே சிவப்பு எப்போதும் எங்காவது இருக்கும்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். பைத்தானும் பில்லோ நூலகமும் இருந்தால் போதும்:

```python
from PIL import Image, ImageChops

im = Image.open("photo.jpg").convert("RGB")
im.save("resaved.jpg", quality=95)
diff = ImageChops.difference(im, Image.open("resaved.jpg"))

mx = max(hi for lo, hi in diff.getextrema())
print("max:", mx)
k = 255 / max(mx, 1)
diff.point(lambda v: min(255, int(v * k))).save("ela_auto.png")
diff.point(lambda v: min(255, v * 15)).save("ela_fixed.png")
```

`max` என்று அச்சாகும் எண்தான் விஷயம். ஒரு படத்தில் அது 6, இன்னொன்றில் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தின் வித்தியாசம் 42 மடங்குக்கு மேல் பெரிதாக்கப்படுகிறது; இரண்டாவது ஆறு மடங்குதான். `ela_auto.png` இரண்டிலும் ஒரே அளவு பளபளப்பாக இருக்கும். `ela_fixed.png` இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் முதல் படம் எவ்வளவு மங்கல் என்பது தெரியும். இரண்டு படங்களை ஒப்பிடுவதாக இருந்தால் எப்போதும் ஒரே பெருக்கல் எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

மாடல்களிலும் இதே கதைதான். 0 முதல் 1 வரையிலான அளவில் 0.2 கூடச் சிவப்பாகத் தீட்டப்பட்டிருக்கலாம். பக்கத்தில் அளவுகோல் இல்லாவிட்டால் நிறத்துக்குப் பொருளில்லை. ட்ரூஃபோர் ஒரு நல்ல காரியம் செய்கிறது: சந்தேகப் படத்தோடு, அந்தச் சந்தேகத்தை எந்தெந்த இடத்தில் நம்பலாம் என்று காட்டும் இன்னொரு படத்தையும், மொத்தப் படத்துக்கு ஒரு மதிப்பெண்ணையும் தருகிறது. பகிர்பவர்கள் முதல் படத்தை மட்டும்தான் பகிர்கிறார்கள். மற்ற இரண்டையும் கேளுங்கள்.

மூன்றாம் படி: கோப்பு எந்த வழியாக வந்தது?

வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டு, முழுவதும் புதிதாக ஜேபெக் ஆக்கப்பட்டு, கேமரா விவரங்கள் நீக்கப்பட்டே போய்ச் சேர்கிறது. அளவு மாறும்போது பழைய 8×8 கட்டங்களின் தடம் கலைந்துவிடும். ஈ.எல்.ஏ தேடுகிற வேறுபாடு, அதாவது ஒரு பகுதி ஒருமுறையும் இன்னொரு பகுதி இரண்டுமுறையும் சேமிக்கப்பட்டிருப்பது, பெரும்பாலும் இந்த இடத்திலேயே அழிந்துபோகிறது. மிஞ்சி ஒளிர்வது படத்தின் உள்ளடக்கம்தான்: விளிம்பு, எழுத்து, இலைதழை.

ஸ்கிரீன்ஷாட் இன்னும் மோசம். அது திரையைப் புதிதாகப் படம் பிடித்தது. அதில் மூலக் கோப்பின் சேமிப்பு வரலாறு கிடையாது. எனவே சோதனைக்கு முன் கூடுமானவரை பழைய, பெரிய பிரதியைத் தேடுங்கள். அனுப்பியவரிடம் படத்தை 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஹீட்மேப்பை விட்டுவிட்டு வேறு வழியில் சரிபார்ப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

நான்காம் படி: ஒத்ததை ஒத்ததோடு ஒப்பிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். விளிம்பை விளிம்போடு, எழுத்தை எழுத்தோடு, வெறும் சுவரை வெறும் சுவரோடு ஒப்பிட வேண்டும். எழுத்தை முகத்தோடு ஒப்பிட்டால் எழுத்து எப்போதும் ஜெயிக்கும்.

நியூஸ் கார்டுக்கு வருவோம். சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து. வெள்ளையிலிருந்து சிவப்புக்கு ஒரே பிக்சலில் தாவுகிற விளிம்பை 8×8 கட்டத்துக்குள் ஜேபெக் சரியாக வைத்துக்கொள்ள முடியாமல் திணறும். அதுபோக ஜேபெக் பெரும்பாலும் நிறத் தகவலை வெளிச்சத் தகவலைவிடக் குறைந்த தெளிவில்தான் சேமிக்கிறது. அடர் சிவப்பின் ஓரங்களில் அதனால் பிழை இன்னும் கூடும். முகமோ மெதுவாக மாறும் சாயல்களால் ஆனது. மறுபடி சேமித்தாலும் பெரிதாக மாறாது. போதாக்குறைக்கு, நியூஸ் கார்டு என்பதே டிசைனர் ஒருவர் புகைப்படத்தின் மேல் எழுத்தையும் லோகோவையும் வைத்துச் செய்ததுதான். "எழுத்து பின்னால் சேர்க்கப்பட்டது" என்பது உண்மையான கார்டுக்கும் பொருந்தும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அதே சேனலின் அதிகாரப்பூர்வப் பக்கத்திலிருந்து, அதே வாரத்தில் வந்த, அதே வடிவக் கார்டுகள் மூன்று நான்கை எடுங்கள். சந்தேகக் கார்டு வாட்ஸ்ஆப் வழியாக வந்ததென்றால் இவற்றையும் ஒருமுறை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி மீண்டும் சேமியுங்கள். வந்த வழி ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஒரே தரம், ஒரே பெருக்கல் எண்ணில் சோதியுங்கள். அவற்றிலும் எழுத்துகள் இதே அளவு ஒளிர்ந்தால் அந்த ஒளிக்கு மதிப்பு பூஜ்யம்.

ஒளி ஏதாவது சொல்லக்கூடிய ஒரே சூழல் இது: சந்தேகக் கார்டுக்குள்ளேயே இரண்டு வரிகள், ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஒரே பின்னணி, ஒன்று மங்கல், மற்றொன்று பளிச். அப்போதும் அது "ஏன்?" என்று கேட்க வைக்கிறது, அவ்வளவுதான். எழுத்தின் தடிமனிலோ வண்ணத்திலோ சின்ன வித்தியாசம் இருந்தாலே அப்படி ஆகும். அடுத்து சேனலின் பக்கத்தில் அந்தத் தேதிக் கார்டு இருக்கிறதா, கார்டில் உள்ள நேரம், எழுத்துரு, வரி இடைவெளி மற்ற கார்டுகளோடு ஒத்துப்போகிறதா என்று போக வேண்டும். அனுபவத்தில் சொன்னால், போலிக் கார்டுகளில் பெரும்பாலானவை எழுத்துருவிலேயே மாட்டிக்கொள்கின்றன. அதற்கு ஹீட்மேப் தேவையே இல்லை.

புகைப்படங்களிலும் இதுபோல வழக்கமாக ஏமாற்றுபவை உண்டு. முழு வெள்ளையாக எரிந்துபோன வானம் அல்லது ஜன்னல், முழுக் கறுப்பு நிழல் இவற்றில் இரைச்சல் தடமே இருக்காது. மாடல் குழம்பி அதை வித்தியாசமான பகுதி என்று தீட்டும். போனின் போர்ட்ரெய்ட் மோட் ஆளின் பின்னணியை மென்பொருளால் மங்கலாக்குகிறது. ஆளின் ஓரம் முழுக்க ஒட்டியது போலவே தெரியும். அது எடிட்தான், ஆனால் படம் எடுத்தபோதே போன் செய்தது.

எம்.எச். 17: ஹீட்மேப்பை முன்னே வைத்தால் என்ன ஆகும்

2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் வானில் மலேசிய விமானம் எம்.எச். 17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் செயற்கைக்கோள் படங்களை வெளியிட்டது. உக்ரைன் ராணுவத்தின் பூக் ஏவுகணை வண்டிகள் அந்த நாட்களில் இடம் மாறின என்பது அவர்கள் வாதம். 2015-இல், பொதுவெளியில் கிடைக்கும் தகவல்களை வைத்துப் புலனாய்வு செய்யும் பெல்லிங்கேட் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது: படங்களின் தேதி பொய், அவை உண்மையில் அதற்கு முன்பே எடுக்கப்பட்டவை, ஃபோட்டோஷாப்பில் மாற்றப்பட்டவை.

அறிக்கையில் இரண்டு வகை ஆதாரங்கள் இருந்தன. ஒன்று ஈ.எல்.ஏ. மேகம் இருந்த பகுதிகள் தரையிலிருந்து வேறுபட்டுத் தெரிந்தன. எனவே மேகங்கள் பின்னால் சேர்க்கப்பட்டவை என்றார்கள். மற்றொன்று, அந்தப் படங்களைத் தேதி தெரிந்த வேறு செயற்கைக்கோள் படங்களோடு வைத்து, தரையின் நிலையையும் செடிகொடி நின்ற இடங்களையும் ஒப்பிட்டது.

அடி விழுந்தது முதல் ஆதாரத்தின் மேல்தான். ஈ.எல்.ஏ-வைப் பரப்பிய கிராவெட்ஸே இந்தப் பகுப்பாய்வை ஏற்கவில்லை. ஜெர்மனியின் படத் தடயவியலாளர் யென்ஸ் க்ரீசே ஷ்பீகல் இதழுக்குத் தந்த பேட்டியில் கடுமையாகச் சாடினார். காரணத்தை நான்காம் படியிலேயே பார்த்துவிட்டோம். மேகம் நுணுக்கம் இல்லாத வெண்பரப்பு, வயலும் சாலையும் நுணுக்கம் நிறைந்தவை. இரண்டும் ஒரே கோப்பில், ஒரே நொடியில் பதிவாகியிருந்தாலும் ஈ.எல்.ஏ-வில் வேறுவேறாகத்தான் தெரியும். கோப்பில் ஃபோட்டோஷாப்பின் பெயர் இருந்ததும் அப்படித்தான். படங்களின் மேல் அம்புக்குறியும் எழுத்தும் போட்டிருந்தார்கள். அதற்கே அது போன்ற மென்பொருள் வேண்டும்.

தேதி ஒப்பீடோ கருவியின் அமைப்பைச் சார்ந்ததல்ல. பிறகு பெல்லிங்கேட் குழு ஜூலை 17 அன்று எடுக்கப்பட்ட வணிகச் செயற்கைக்கோள் படத்தையே விலைக்கு வாங்கி வெளியிட்டது. யாரும் அதைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் விவாதம் பெருமளவு மேகத்தின் நிறத்தைச் சுற்றியே ஓடியது. முடிவு சரியாக இருந்தாலும், பலவீனமான ஆதாரத்தை முன்னால் வைத்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் தள்ளிவிடும்.

ஐந்தாம் படி: அசைத்துப் பாருங்கள்

சிவப்புத் திட்டு நிஜமான தடத்தால் வருகிறதா என்று சோதிக்க, படத்தைக் கொஞ்சம் மாற்றித் திரும்ப ஓட்டுங்கள். சந்தேகப் பகுதி உள்ளே இருக்கும்படி நான்கைந்து விதமாக வெட்டுங்கள். வெட்டியதை பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்க வேண்டும். ஜேபெக்காகச் சேமித்தால் நீங்களே ஒரு புதிய சுருக்கத்தைச் சேர்த்தவர் ஆவீர்கள். இடது, மேல் ஓரங்களில் வெட்டும் அளவு 16-இன் மடங்காக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஜேபெக் கட்டங்கள் நகர்ந்து ஈ.எல்.ஏ முடிவே மாறிவிடும்.

எந்த வெட்டிலும் அதே பொருளின் அதே ஓரத்தில் திட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் மேலே தேடுவது பயனுள்ளது. வெட்டுக்கு வெட்டு இடம் மாறினாலோ, எப்போதும் சட்டத்தின் நடுவிலோ மூலையிலோ நின்றாலோ அது கருவியின் பழக்கம். ஒத்துப்போகாத பகுதியைத் தேடும் மாடல்களில் ஒரு வேடிக்கை உண்டு. சந்தேகப் பொருள் வெட்டிய படத்தில் பாதிக்கு மேல் வந்துவிட்டால் சில சமயம் நிறம் தலைகீழாகி, பின்னணி சிவப்பாகிவிடும். மாடலுக்கு எது அசல் என்று தெரியாது, இரண்டும் வேறு என்றுதான் தெரியும்.

இன்னொரு சோதனை: அதே போனில், அதே மாதிரி இடத்தில், கை வைக்காத ஒரு படம் எடுத்து அதே வழியில் அனுப்பிச் சோதியுங்கள். பிறகு அதன் பிரதியில் நீங்களே ஒரு பொருளை ஒட்டிச் சோதியுங்கள். ஒட்டியதைக் கருவி பிடிக்கவில்லை என்றால், இந்த வகைப் படத்தில் அதன் மௌனத்துக்கும் மதிப்பில்லை என்று தெரிந்துவிடும்.

ஆறாம் படி: நிறமே இல்லாத இடத்தையும் நம்பாதீர்கள்

போலிக் கார்டு செய்பவர் சேனலின் வார்ப்புருவை முதலிலிருந்தே உருவாக்கி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவை சேமித்தால், படம் முழுக்க ஒரே சீரான சேமிப்பு வரலாறுதான் இருக்கும். ஈ.எல்.ஏ-வில் ஒன்றும் சிக்காது.

ஏஐ நிரப்பலில் குழப்பம் வேறு விதம். ஒரு ஆளை மட்டும் தேர்ந்து அழித்து அந்த இடத்தை நிரப்பச் சொன்னாலும், படம் உருவாக்கும் பல டிஃப்யூஷன் மாடல்கள் முழுப் படத்தையும் தம் உள்வடிவத்துக்கு மாற்றி மீண்டும் படமாக்கித் தருகின்றன. அசல் பகுதியைத் திரும்ப மேலே வைத்துக் கலக்காவிட்டால், தொடாத மரமும் சுவரும்கூடப் புதிதாக வரையப்பட்ட பிக்சல்களாகிவிடும். அப்போது கருவி படம் முழுவதையும் சிவப்பாக்கலாம், அல்லது எல்லாம் சீராக இருக்கிறது என்று நீலமாக விடலாம். உண்மையான மாற்றம் ஓர் ஓரத்தில் இருக்க, சிவப்பு வேறு ஓரத்தில் நிற்பதும் உண்டு.

ஏழாம் படி: எழுதும்போது

"ஹீட்மேப் ஆதாரம்" என்ற தலைப்போடு வட்டம் போட்ட படத்தை வெளியிடாதீர்கள். பார்ப்பவர் கண்ணுக்கு வட்டம்தான் தெரியும், கீழே நீங்கள் எழுதும் நிபந்தனை தெரியாது. அப்படியே வெளியிடுவதானால் கை வைக்காத ஒப்பீட்டுப் படத்தின் ஹீட்மேப்பையும் அதே அளவில் பக்கத்தில் வையுங்கள்.

வாக்கியம் இப்படி இருக்கலாம்: "இந்தக் கோப்பை ஈ.எல்.ஏ-வில் 95 தரத்தில் சோதித்தபோது இரண்டாவது வரி, அதே எழுத்துருவில் உள்ள முதல் வரியைவிடத் தெளிவாக வேறுபட்டது. அதே சேனலின் மூன்று கார்டுகளில் இந்த வேறுபாடு இல்லை. சேனலின் பக்கத்தில் அந்தத் தேதியில் உள்ள கார்டில் இரண்டாவது வரி வேறாக இருக்கிறது." இதில் கார்டு போலி என்பதை நிறுவுவது கடைசி வாக்கியம். முதல் இரண்டும் அங்கே போகக் காரணமாக இருந்தவை. கடைசி வாக்கியத்துக்கு உங்களிடம் ஆதாரம் இல்லை என்றால் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "சோதனையில் முடிவுக்கு வர முடியவில்லை."

அறிக்கையோடு மூலக் கோப்பு, அது யாரிடமிருந்து எந்த வழியாக வந்தது, கருவியின் பெயரும் பதிப்பும், சேமிப்புத் தரம், பெருக்கல் எண், வெட்டிய அளவுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது மறுத்தால் கேட்கப்போவது இவற்றைத்தான்.